ஓடியாடும் பிள்ளையின் குதிகால் வலி



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து, விளையாட்டுப் பயிற்சியும் தொடங்கிச் சில வாரங்கள் ஆனதும், மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் ஒரு வகையினரை ஆண்டுதோறும் பார்க்கிறோம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நொண்டியபடி வரும். கையில் எக்ஸ்ரே உறை இருக்கும். “குதிகால் எலும்பு துண்டு துண்டாக இருக்கிறதாம், ஸ்கேன் எடுக்க வேண்டுமாம், அறக்கட்டளையில் ஏதாவது செய்வீர்களா?” என்று தாயார் கேட்பார். பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கு ஸ்கேன் தேவைப்படாது. ஓட்டத்தைச் சில வாரம் குறைப்பதும், காலணிக்குள் வைக்க ஒரு ரப்பர் துண்டும், பொறுமையும்தான் தேவைப்படும். எலும்பு மருத்துவர்களிடமும் பிசியோதெரபி செய்வோரிடமும் கேட்டறிந்ததை இந்த இதழில் விவரமாக எழுதுகிறோம்.

முதலில் சுருக்கமாக. எட்டு வயதிலிருந்து பதினைந்து வயது வரையுள்ள, நன்றாக ஓடியாடுகிற பிள்ளைக்குக் குதிகாலின் பின்பக்கம் வலிக்கிறது, விளையாடும்போதோ விளையாடி முடித்த பிறகோ வருகிறது, ஓய்வெடுத்தால் தணிகிறது, கீழே விழவில்லை, அடிபடவில்லை என்றால், அது பெரும்பாலும் குதிகால் எலும்பின் வளர்ச்சித் தட்டில் ஏற்படும் உறுத்தல். எலும்பு முறிவு அல்ல. பெரியவர்களுக்குச் சொல்லப்படும் ‘குதிகால் முள்’ளும் அல்ல. சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவதும் அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகர எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் வாரன் செவர் என்பவர் 1912-ஆம் ஆண்டில் இதை விவரித்து எழுதியதால் மருத்துவர்கள் இன்றும் ‘செவர் நோய்’ என்கிறார்கள். சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். பெயரில்தான் நோய் இருக்கிறது.

குதிகாலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதில் புரியும். பெரியவர்களுக்குக் குதிகால் எலும்பு ஒரே கட்டி. பிள்ளைகளுக்கு அது இரண்டு பாகம். பெரிய பாகத்துக்குப் பின்னால் பிறைபோல வளைந்த சிறு எலும்பு ஒன்று தொப்பி மாதிரி ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது குருத்தெலும்பு. அதைத்தான் வளர்ச்சித் தட்டு என்கிறார்கள். எலும்பு வளர்வது அந்த இடத்தில்தான். ஏறக்குறைய பதினைந்து வயதில் இரு பாகங்களும் ஒட்டி ஒன்றாகிவிடும். பெண் பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாகவே ஒட்டும். அதனால் அவர்களுக்கு இந்த வலி வருவதும் போவதும் ஆண் பிள்ளைகளைவிட ஓரிரு வருடம் முன்னால் இருக்கும்.

அந்தப் பிறை எலும்பை இரண்டு பக்கமிருந்து இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கெண்டைக்கால் சதையின் தடித்த நாண் வந்து அதில் பிடித்திருக்கிறது. நாம் பேச்சில் குதிகால் நரம்பு என்போமே, அதுதான். உண்மையில் அது நரம்பல்ல, தசைநாண். கீழே உள்ளங்காலின் அகன்ற நாரும் அதே பக்கத்தில்தான் பிடித்திருக்கிறது. பிள்ளை ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் மேலேயும் முன்னாலேயும் இழுப்பு. குதிகால் தரையில் படும்போது கீழிருந்து இடி. நடுவிலுள்ள குருத்தெலும்பு எலும்பைப் போல் உறுதியானதல்ல. இந்த இழுப்பும் இடியும் அது ஆறுவதற்குள் மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போனால் உறுத்தல் உண்டாகி வலிக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் புடைத்து வலிக்கும் பிள்ளைகள் சிலரைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே இனம்தான், இடம் மட்டும் வேறு.

பருவமடையும் காலத்தை ஒட்டி இது வருவதற்குக் காரணம் இருக்கிறது. அப்போது பிள்ளை மளமளவென்று வளர்கிறது. கால் எலும்பு நீளும் வேகத்துக்குச் சதையும் நாணும் உடனே ஈடுகொடுப்பதில்லை என்றும், அதனால் கெண்டைக்கால் விறைப்பாகி இழுப்பு கூடுகிறது என்றும் மருத்துவர்கள் விளக்குகிறார்கள். எடையும் ஏறுகிறது. பள்ளி அணியில் சேர்வதும் அதே வயதில்தான்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இதில் இன்னும் இரண்டு சங்கதிகள் சேர்கின்றன. ஒன்று தரை. திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் பிள்ளைகள் விளையாடும் இடம் பெரும்பாலும் வெயிலில் காய்ந்து இறுகிய மண், அல்லது சிப்காட் சுற்றிலுமுள்ள சிமென்ட் சாலை. இன்னொன்று காலணி. தட்டையான, மெல்லிய அடியுள்ள கேன்வாஸ் ஷூ, அடியில் குமிழ் வைத்த கால்பந்து ஷூ, அல்லது தேய்ந்த ஹவாய் செருப்பு. இவை மூன்றுமே குதிகாலைத் தாங்குவதில்லை. கால்பந்து ஷூவில் முன்பாதத்தைவிடக் குதிகால் உயர்ந்திருப்பதில்லை. அதனால் நாண் இன்னும் இழுபடுகிறது.

அடையாளம் காட்டாமல் ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறோம். பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. தந்தை சிப்காட்டில் ஷிப்டு வேலை. மே மாதம் முழுக்க வீட்டில் இருந்த பையன், ஜூனில் பள்ளிக் கால்பந்து அணியில் சேர்ந்து வாரம் ஐந்து நாள் பயிற்சிக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகளோடு இன்னொரு ஆட்டம். அந்த ஒரு வருடத்தில் அவனுடைய பேன்ட் இரண்டு முறை குட்டையாகிப் போனது என்று தாயார் சொன்னார். மூன்றாவது வாரம் பயிற்சி முடிந்து வரும்போது வலது குதிகால் வலித்தது. ஐந்தாவது வாரம் இரண்டும் வலித்தன. வீடு திரும்பும்போது குதிகாலைத் தரையில் வைக்காமல் முன்பாதத்தால் நடந்து வந்தான்.

அத்தா, “பயிற்சிக்குப் போகச் சோம்பல்” என்றார். ஏனென்றால் காலையில் பையன் நன்றாகத்தான் நடந்தான். இந்த வலியின் குணமே அதுதான். இரவு தூங்கி எழுந்தால் தணிந்திருக்கும், ஓடினால் திரும்ப வரும். நடிக்கிறான் என்று நினைப்பது பல வீடுகளில் நடக்கிறது. நானி சுளுக்கு என்று எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தார், வலி கூடியது. புத்தூர் கட்டுப் போடலாம் என்று உறவினர் சொன்னார். அது எலும்பு முறிந்தவர்களுக்கு. இங்கே முறிவே இல்லை. அடுத்து ஒரு கிளினிக்கில் ஊசியும் கால்சியம் டானிக்கும் கொடுத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். அந்த எக்ஸ்ரே அறிக்கையில்தான் பின் எலும்பு ‘அடர்த்தியாகவும் துண்டுகளாகவும்’ இருக்கிறது என்று எழுதியிருந்தது. வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை.

இந்த எக்ஸ்ரே விஷயத்தைப் பெற்றோர் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பிறை எலும்பு, எந்த வலியும் இல்லாத ஆரோக்கியமான பிள்ளைகளுக்கும் எக்ஸ்ரேயில் பக்கத்து எலும்பைவிட வெள்ளையாகவும், இரண்டு மூன்று துண்டாகவும் தெரிவது சகஜம். அது வளரும் விதமே அப்படி. வலி ஒரு காலில் மட்டும் இருக்கும் பிள்ளைக்கு இரண்டு காலையும் எடுத்துப் பார்த்தால், வலியில்லாத காலிலும் அதே துண்டுகள் தெரியும். ஆகவே எக்ஸ்ரேயை வைத்து இந்த வலியை உறுதி செய்ய முடியாது. முறிவு, எலும்புக் கட்டி, சீழ் போன்ற வேறு ஏதாவது இருக்குமோ என்று மருத்துவருக்குச் சந்தேகம் வந்தால் அதை விலக்குவதற்குத்தான் எக்ஸ்ரே பயன்படும். எடுத்தது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. அறிக்கையின் ஒரு வரியைப் பார்த்து ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை என்கிறோம்.

அந்தப் பையனை அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவு ஓ.பி.க்கு அனுப்பினோம். மருத்துவர் செய்த முக்கியமான சோதனைக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. பையனைப் படுக்க வைத்து, குதிகாலின் பின்பகுதியை இரண்டு பக்கமிருந்தும் உள்ளங்கைகளால் பிடித்து அழுத்தினார். பையன் “ஆ” என்று காலை இழுத்தான். பிறகு பாதத்தின் நடுவில், கணுக்காலில், குதிகாலின் அடியில் அழுத்தினார். அங்கெல்லாம் வலி இல்லை. வீக்கமோ சிவப்போ சூடோ இல்லை. முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தை மேல்நோக்கி மடக்கியபோது கொஞ்சம்தான் மடங்கியது, கெண்டைக்கால் விறைப்பு. அத்துடன் முடிவு சொல்லிவிட்டார். இந்த அழுத்திப் பார்க்கும் சோதனையை வீட்டிலும் மெதுவாகச் செய்யலாம். வலி பக்கவாட்டு அழுத்தத்தில், குதிகாலின் பின்பகுதியில் வந்தால் அது வளர்ச்சித் தட்டின் இடம். வேறு இடத்தில் வந்தால் காரணமும் வேறாக இருக்கலாம்.

இனி சிகிச்சை. முதல் வேலை ஓட்டத்தையும் குதிப்பையும் குறைப்பது. எவ்வளவு குறைப்பது என்பதற்கு அந்தப் பையனுக்குச் சொன்ன கணக்கையே சொல்கிறோம். நொண்டி நடக்கும் அளவுக்கு வலி இருந்ததால் முதல் இரண்டு வாரம் ஓட்டம், குதிப்பு, கயிறு தாண்டல் எதுவும் இல்லை. நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், நீந்தத் தெரிந்தால் நீந்தலாம். வலி லேசாக, ஆட்டத்துக்குப் பிறகு மட்டும் வருகிற பிள்ளைக்கு இப்படி முழுதும் நிறுத்த வேண்டியதில்லை. வாரத்தில் ஐந்து நாளை இரண்டாக்கினாலே போதும். கட்டிலில் படுக்க வைப்பதும் மாவுக்கட்டுப் போடுவதும் சாதாரணமாகத் தேவையில்லை. நொண்டுவது எதனாலும் தணியாத சில பிள்ளைகளுக்கு மட்டும், குறுகிய காலத்துக்குக் கட்டோ பூட்ஸோ போடுவதுண்டு. குதிகாலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட இடம் கொடுக்காதீர்கள். இந்த வலிக்கு அது சிகிச்சை அல்ல, நாணைப் பலவீனப்படுத்தும் ஆபத்தும் உண்டு.

இரண்டாவது, குதிகால் துண்டு. குதிகாலைச் சிறிது உயர்த்தினால் கெண்டைக்கால் நாண் தளர்கிறது, இழுப்பு குறைகிறது. மருந்துக் கடையில் சிலிக்கான் குதிகால் மெத்தை ஜோடியாகக் கிடைக்கும். அது வாங்க வசதியில்லை என்றால், செருப்புத் தைப்பவரிடம் கெட்டியான ரப்பரில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனத்தில் ஷூவின் குதிகால் பகுதிக்கு அளவாக வெட்டித் தரச் சொல்லுங்கள். ஸ்பாஞ்ச் வேண்டாம், பிள்ளை ஏறி நின்றதும் தட்டையாகிவிடும். வலி ஒரு காலில் மட்டும் இருந்தாலும் இரண்டு ஷூவிலும் ஒரே கனத்தில் வைக்க வேண்டும், இல்லையேல் நடை கோணும். கனமான துண்டை வைத்ததும் பாதம் மேலேறி ஷூ கழன்று கழன்று வரும். அப்படியானால் கனத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வெறுங்காலோடும் ஹவாய் செருப்போடும் திரிந்தால், பள்ளிக்கூட ஷூவில் துண்டு வைத்த பயன் பாதிதான். பின்பட்டை வைத்த, சற்றுக் குதிகால் உயர்ந்த சாண்டல் ஒன்று வீட்டுக்கும் வேண்டும்.

மூன்றாவது, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, இரு கைகளையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து முழங்காலை மடக்காமல் குதிகாலைத் தரையில் பதித்தபடி உடலை முன்னால் சாய்க்க வேண்டும். கெண்டைக்காலில் இழுப்பு தெரியும் இடத்தில் 20 முதல் 30 விநாடி நிற்கலாம். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை, காலையும் மாலையும். இழுப்பு கெண்டைக்காலில்தான் தெரிய வேண்டும். குதிகாலிலேயே வலி வந்தால் அதற்கு இன்னும் காலம் வரவில்லை என்று பொருள்; சில நாள் விட்டுத் தொடங்குங்கள். படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிடும் பயிற்சியை வலி இருக்கும்போது செய்ய வேண்டாம்.

மாலையில் வலி இருந்தால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் ஓரிரு நாள் கொடுக்கலாம். ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு ஆட்டத்துக்கு அனுப்பாதீர்கள்.

இதில் எது அதிகப் பயன் தருகிறது என்று கேட்கிறார்கள். நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில் பிள்ளைகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஓட்டத்தைக் குறைத்துக் காத்திருப்பதும், ஒரு பிரிவுக்குக் குதிகால் துண்டும், ஒரு பிரிவுக்குப் பிசியோதெரபியும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாத முடிவில் மூன்று பிரிவுகளுமே நன்றாகத் தேறியிருந்தன. பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே பண வசதி இல்லாததால் பிள்ளைக்குச் சிகிச்சை குறைந்துவிட்டது என்று யாரும் வருந்த வேண்டாம். செலவு பிடிக்கும் சிகிச்சைக்குக் கடன் வாங்குமுன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

திரும்ப ஆடத் தொடங்குவதில்தான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பையன் மூன்றாவது வாரத்தில் பக்கவாட்டு அழுத்தத்துக்கு வலிக்காத நிலைக்கு வந்தான். ஒற்றைக்காலில் பத்து முறை குதித்துப் பார்த்தான், வலி இல்லை. அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்து நிமிட மெதுவான ஓட்டம், கான்வென்ட் ஷூவில் அல்ல, அடி தடித்த ஓட்ட ஷூவில். மறுநாள் காலை நொண்டல் இல்லை என்றால் அடுத்த முறை ஐந்து நிமிடம் கூட்டினார்கள். ஒரு நாள் மறுநாள் காலையிலும் வலி தங்கியிருந்தது; முந்தைய அளவுக்குத் திரும்பினார்கள். ஆட்டத்தின்போது லேசான வலி வந்து அன்றிரவே போய்விட்டால் பரவாயில்லை. ஓடும்போது நடை மாறினால் அன்றைக்கு அத்துடன் நிறுத்த வேண்டும். பத்தாவது வாரம் முழுப் பயிற்சிக்குப் போனான். பி.டி. மாஸ்டரிடம் மருத்துவரின் சீட்டைக் காட்டிப் பேசியதில், அணியிலிருந்து பெயரை எடுக்காமல் அதுவரை கோல்கீப்பர் பயிற்சியில் உட்கார வைத்திருந்தார்.

பள்ளிவாசலைப் பற்றியும் தாய்மார்கள் கேட்கிறார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நீண்ட நேரம் நிற்பது சில பிள்ளைகளுக்கு வலியைக் கூட்டும். விரிப்பு தடிப்பாக உள்ள இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். அத்தஹிய்யாத் இருப்பில் வலது பாதத்தை நட்டு விரல்களை மடக்கி உட்காரும்போது உள்ளங்கால் நார் இழுபடும். வலி உள்ள வாரங்களில் இயன்றபடி உட்கார மார்க்கத்தில் இடமுண்டு, சந்தேகமிருந்தால் உங்கள் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். மத்ரஸாவில் பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்தால் உஸ்தாதுமார்கள் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

எல்லாக் குதிகால் வலியும் இதுவல்ல. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஓய்விலும் தணியாமல் நாளுக்கு நாள் கூடும் வலி, காய்ச்சல், வீக்கம், தோல் சிவந்து சுடுவது, பிள்ளை இளைத்துக்கொண்டே போவது — இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். எலும்பில் சீழ், எலும்புக் காசநோய், அரிதாக இரத்தப் புற்று கூட இப்படிக் காட்டலாம். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். உயரத்திலிருந்து குதித்த அன்றே காலை ஊன்ற முடியாமல் போனால் அது முறிவாக இருக்கலாம். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்து, முழங்காலோ இடுப்போ சேர்ந்து வலித்தால், அல்லது கண் சிவந்து வலித்தால், அது மூட்டு அழற்சியாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

நம் பகுதிக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள காலி மனைகளில் ஆணியும் இரும்புத் துண்டும் கிடக்கின்றன. ஆணி ஷூவைத் துளைத்துக் குதிகாலில் ஏறினால், மேல் தோல் இரண்டு நாளில் ஆறிவிட்டாற்போல் தெரியும். ஒன்றிரண்டு வாரம் கழித்து வலி திரும்ப வந்தால் உள்ளே எலும்பில் சீழ் பிடித்திருக்கலாம். பிள்ளைகள் திட்டு விழும் என்று ஆணி குத்தியதைச் சொல்வதில்லை. குதிகால் வலி என்று வரும் பிள்ளையிடம் அதட்டாமல் முதலில் இதைக் கேளுங்கள், பாதத்தைத் திருப்பியும் பாருங்கள்.

அந்தப் பையனுக்கு டிசம்பரில் வலி திரும்ப வந்தது. இது எதிர்பார்க்க வேண்டியதே. வளர்ச்சித் தட்டு ஒட்டும் வரை, வேகமாக வளரும்போதும் பயிற்சி திடீரென்று கூடும்போதும் வந்து போகலாம். இம்முறை யாரும் எக்ஸ்ரேக்கு ஓடவில்லை. எடுத்து வைத்திருந்த குதிகால் துண்டை மறுபடி ஷூவில் போட்டு, பத்து நாள் ஓட்டத்தை நிறுத்தினார்கள். மூன்றாவது வாரம் விளையாடப் போய்விட்டான்.

அவன் தாயாருக்கும் குதிகால் வலி உண்டு. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியில் சுரீர் என்று குத்துமாம். மகனுக்குச் சொன்னதையே தாமும் செய்யலாமா என்று கேட்டார். பெரியவர்களுக்கு வளர்ச்சித் தட்டு இல்லை. அது உள்ளங்கால் நாரின் வலி, அதன் கணக்கு வேறு. அதை இன்னொரு இதழில் எழுதுகிறோம், இன்ஷா அல்லாஹ்.